தானியேலில் யகரம், சாமுவேலில் வகரம்

தீயும் அணைப்பும் சேர்ந்தால் தீயணைப்பு. பூவும் இதழும் சேர்ந்தால் பூவிதழ். தீ என்ற சொல்லில் யகரம் இல்லை, அணைப்பிலும் இல்லை. பூவிலோ இதழிலோ வகரம் இல்லை. இரண்டு சொற்களும் ஒரே மூச்சில் சேரும்போது இடையில் ஒரு மெய் புதிதாகப் பிறக்கிறது. இதற்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயர் உடம்படுமெய். உடம்படுதல் என்றால் இசைதல், ஒத்துப்போதல். ஒட்டாத இரண்டு உயிர்களை ஒத்துப்போகச் செய்கிற மெய் என்பது பொருள்.

பள்ளியில் இதை மனப்பாடமாகப் படித்தவர்கள் பலர், அத்தோடு மறந்தவர்களும் பலர். மறந்ததால் யாரும் தவறாகப் பேசிவிடுவதில்லை. ஆட்டோ, டீ, மெனு, கேமரா எல்லாம் நன்னூலுக்குப் பல நூற்றாண்டு பிந்தி வந்த சொற்கள். ஆனாலும் ஆட்டோவில் ஏறுகிறோம், டீயைக் குடிக்கிறோம், மெனுவைப் பார்க்கிறோம், கேமராவை எடுக்கிறோம். டீவை என்றோ மெனுயை என்றோ சொல்லும் குழந்தை கிடையாது. சூத்திரம் தெரியாத வாய்க்கும் இது தெரிந்திருக்கிறது என்றால், காரணத்தை ஏட்டில் அல்ல, வாயில்தான் தேட வேண்டும்.

முதலில் அங்கே ஒரு மெய் ஏன் தேவைப்படுகிறது என்று பார்க்கலாம். தமிழ்ச் சொல்லின் அசைகள் பெரும்பாலும் ஒரு மெய்யில் தொடங்கி ஓர் உயிரில் ஒலிக்கின்றன. ம-ர-ம், க-ட-ல், வி-ள-க்-கு என்று எந்தச் சொல்லை எடுத்தாலும், முதல் அசையைத் தாண்டிவிட்டால் ஒவ்வோர் உயிருக்கும் முன்னால் ஒரு மெய் நிற்கும். எழுத்து முறையும் இதையே காட்டுகிறது. அ, ஆ, இ, ஈ என்ற தனி உயிரெழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். நடுவில் வருவது அளபெடையில் மட்டுமே. அங்கும் அது புதிய அசையைத் தொடங்குவதற்காக வருவதில்லை, முன்னால் உள்ள உயிரை நீட்டுவதற்காக வருகிறது. இரண்டு வேறு உயிர்கள் அடுத்தடுத்து நிற்கும் சொல் தமிழில் இல்லை.

மணி, ஓசை என்ற இரண்டையும் நிறுத்தாமல் சொல்லும்போது, இகரத்தை ஒட்டி ஓகாரம் வந்து நிற்கிறது. இந்த நெருக்கடியைத் தீர்க்க மொழிகளுக்கு மூன்று வழிகள் உண்டு. இரண்டு உயிர்களையும் கலந்துவிடலாம், ஒன்றைக் கைவிடலாம், அல்லது நடுவில் ஒரு மெய்யை வைக்கலாம். சமற்கிருதம் பெரும்பாலும் முதல் வழியில் போகும். சூரிய, உதயம் இரண்டும் சேர்ந்து சூரியோதயம் ஆகும்போது அகரமும் உகரமும் கரைந்து ஓகாரமாகிவிடுகின்றன. இதி, ஆதி சேர்ந்து இத்யாதி ஆகும்போது இகரமே யகர மெய்யாக மாறிவிடுகிறது. நான்கு அசை மூன்றாகக் குறைகிறது. தமிழ் மணியோசையில் அப்படிச் செய்வதில்லை. மணியின் இகரமும் ஓசையின் ஓகாரமும் முழுதாக நிற்கின்றன, நடுவில் யகரம் நுழைகிறது. நான்கு அசை நான்காகவே இருக்கிறது. இரண்டு சொற்களும் தங்கள் உருவத்தை இழக்காமல் சேர்வதால், கேட்பவருக்குப் பிரித்தறிவதும் எளிது.

நுழைந்த மெய் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது? பின்னால் வரும் உயிரையே சேர்ந்தது. ம-ணி-யோ-சை என்றுதான் அசை பிரிகிறது. சீர் பிரித்து அச்சிட்ட பழைய செய்யுள் பதிப்புகளைப் புரட்டினால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு சீர் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்க வேண்டிய இடத்தில், இரண்டாம் சீர் யா, யி, வு, வெ என்று தொடங்கும். புதிதாகப் படிப்பவர் அதை வேறொரு சொல் என்று எண்ணி அகராதியில் தேடுவதும் உண்டு. இரண்டாவது உயிருக்கு முன்னால் காலியாக இருந்த மெய்யின் இடத்தை நிரப்பத்தான் உடம்படுமெய் வருகிறது.

இனி, பதினெட்டு மெய்களில் யகரமும் வகரமும் மட்டும் ஏன் என்ற கேள்வி. விடை தொல்காப்பியத்தின் பிறப்பியலிலேயே பாதி இருக்கிறது. அது உயிர்களை வாயின் தொழிலைக் கொண்டு மூன்று கூட்டமாகப் பிரிக்கிறது. அகரமும் ஆகாரமும் வாயைத் திறந்தால் மட்டும் பிறப்பவை. இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்தும் அந்தத் திறப்போடு நாவின் விளிம்பு மேல்வாய்ப் பல்லை நெருங்குவதால் பிறப்பவை. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிவதால் பிறப்பவை.

தீ என்று சொல்லி நிறுத்தினால் நாவின் முன்பகுதி அண்ணத்தை ஒட்டி உயர்ந்து நிற்பது தெரியும். அங்கிருந்து அகரத்துக்குப் போக நாக்கு கீழே இறங்க வேண்டும். இறங்கும் அந்தக் கணத்தில் கேட்கும் ஒலிதான் யகரம். யகரத்துக்கு நாக்கு நிற்கும் இடமும் இகரத்துக்கு நிற்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. இகரத்தில் அது நின்று ஒலிக்கிறது, யகரத்தில் நிற்காமல் நழுவுகிறது. பூ என்று சொல்லும்போது இதழ் குவிகிறது. அந்தக் குவிவு அவிழ்ந்து அடுத்த உயிருக்குப் போகும் வழியில் வகரம் கேட்கிறது. தமிழ் வகரத்தில் மேற்பல் கீழிதழை மெல்லத்தான் தொடும். காற்று உரசும் அளவுக்கு அழுத்தம் இருக்காது. அதனால் அது குவிந்த உயிருக்கு நெருங்கிய உறவாகவே இருக்கிறது. மற்ற பதினாறு மெய்களில் எதைப் போட்டாலும் வாய் தனியாக ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கும். இந்த இரண்டும் போகிற வழியிலேயே கிடப்பவை.

இதைச் சோதித்துப் பார்க்கத் தமிழ் விவிலியத்தின் பெயர்கள் நல்ல இடம். அவை வேற்றுமொழிப் பெயர்கள். புணர்ச்சி விதியை நினைத்து யாரும் அவற்றைக் கட்டவில்லை, தமிழ் வாய்க்கு ஏற்றபடி எழுதினார்கள். தானியேல், கிதியோன், சீயோன் ஆகியவற்றில் இகர ஈகாரங்களுக்குப் பின் யகரம் வந்திருக்கிறது. சாமுவேல், இம்மானுவேல், யோசுவா ஆகியவற்றில் உகரத்துக்குப் பின் வகரம். நோவாவில் ஓகாரத்துக்குப் பின் வகரம். தானியேலும் சாமுவேலும் ஏல் என்ற ஒரே ஒலியில் முடியும் பெயர்கள். முன்னால் நிற்கும் உயிர்தான் ஒன்றில் யகரத்தையும் மற்றதில் வகரத்தையும் கொண்டுவந்தது. பின்னால் வரும் உயிருக்கு இதில் பேச்சே இல்லை.

தேறாமல் நிற்பது அகரமும் ஆகாரமும். அவற்றில் நாக்கு உயர்வதும் இல்லை, இதழ் குவிவதும் இல்லை. வாய் திறந்து கிடக்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து எந்தப் பக்கமும் இயற்கையான சாய்வு இல்லாததால், எந்த மெய் என்பதை ஒவ்வொரு மொழியும் தன் வழக்கப்படி முடிவு செய்துகொள்கிறது. தமிழ் வகரத்தை எடுத்தது. பலா, இலை சேர்ந்து பலாவிலை. பல, இடம் சேர்ந்து பலவிடம். சினிமாவில், அம்மாவை எல்லாம் அதே கணக்கு. தெலுங்கு யகரத்தை எடுத்தது. மா, அம்ம என்ற இரண்டு சொற்கள் அங்கே மாயம்ம ஆகும். அந்த இலக்கணத்தில் இதற்கு யடாகமம் என்று பெயர். தீக்குப் பின் யகரம் வருவது வாயின் கட்டாயம் என்றால், பலாவுக்குப் பின் வகரம் வருவது மொழியின் தீர்மானம்.

இந்த ஊசலாட்டத்தை ஒரே பெயரில் பார்க்கலாம். யாக்கோபுக்குக் கிடைத்த பெயரைப் புரோட்டஸ்டண்டு விவிலியம் இஸ்ரவேல் என்று எழுதுகிறது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு இஸ்ரயேல் என்று எழுதுகிறது. செய்தித்தாள்கள் நாட்டின் பெயரை இஸ்ரேல் என்று எழுதுகின்றன. அகரத்தை அடுத்து ஏகாரம் வந்த ஒரே இடத்தில் ஒருவர் வகரத்தை வைத்தார், ஒருவர் யகரத்தை வைத்தார், மூன்றாமவர் அகரத்தையே விட்டுவிட்டார். தானியேலை யாரும் தானிவேல் என்று எழுதிப் பார்த்ததில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலின் 162-ஆம் நூற்பாவில் அடக்கினார். இ, ஈ, ஐ ஆகியவற்றின் பின் யகரம், ஏனைய உயிர்களின் பின் வகரம், ஏகாரத்தின் பின் இரண்டும் என்பது அதன் செய்தி. ஐகாரம் ஏன் யகரத்தின் பக்கம் நிற்கிறது என்பதை ஐ, அய் என்று அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தாலே விளங்கும். அதன் முடிவிலேயே யகரச் சாயல் இருக்கிறது. மழை, இல்லை இரண்டும் மழையில்லை ஆவது அதனால்தான்.

ஏகாரத்துக்கு இரண்டையும் கொடுத்தது நூற்பாவின் குழப்பம் அல்ல. வாயை மட்டும் கேட்டால் ஏகாரம் யகரத்தைத்தான் கேட்கும். நானே, இருந்தேன் சேரும்போது நானேயிருந்தேன் என்பது தவிர வேறு வராது. இடைச்சொல்லாக ஒட்டும் ஏகாரம் எப்போதும் இப்படித்தான். ஆனால் சே, தே போன்ற ஓரெழுத்துப் பெயர்களில் பழைய வழக்கு வகரத்தையும் வைத்திருந்தது. சேயடி, சேவடி என்ற இரண்டும் பாடநூல்களில் காட்டப்படுவது அதனால்தான். தே, ஆரம் இரண்டும் சேர்ந்து தேவாரம் என்று பிரித்துக் காட்டுவதும் உண்டு. பவணந்தியார் வழக்கில் இருந்ததைப் பதிவு செய்தார், ஒழுங்குக்காக ஒன்றை வெட்டவில்லை.

தொல்காப்பியம் இதைச் சொன்ன விதம் வேறு. புணரியலில், உயிர் வரும் இடத்தில் உடம்படுமெய் கொள்வதை விலக்கமாட்டார்கள் என்ற அளவோடு அது நிறுத்திக்கொள்கிறது. எந்த உயிருக்கு எந்த மெய் என்று அங்கே பட்டியல் இல்லை. கொண்டே தீர வேண்டும் என்றும் இல்லை. இந்த நெகிழ்வு இன்றைய உரைநடைக்கு நன்றாகப் பொருந்துகிறது. மழை என்று சொல்லி ஒரு நொடி நிறுத்தி இல்லை என்று சொன்னால் அங்கே இரண்டு உயிர்கள் மோதவில்லை. நடுவில் அமைதி இருக்கிறது, யகரத்துக்கு வேலை இல்லை. மழை இல்லை என்று இடம் விட்டு எழுதுவது அதனால் பிழையாகாது. ஆனால் உருபு ஒட்டும்போது நிறுத்த முடியாது. மழை ஐ என்று யாரும் பேசுவதில்லை, மழையை என்றுதான் வரும். சொல்லோடு சொல் சேரும்போது விருப்பம், சொல்லோடு உருபு சேரும்போது கட்டாயம் என்று வைத்துக்கொண்டால் நடைமுறையில் தவறு வராது. இடமும் விட்டு மெய்யையும் வைத்து மழை யில்லை என்று உரைநடையில் எழுதுவதுதான் உறுத்தும். நிறுத்தியதாகவும் காட்டுகிறது, நிறுத்தாததாகவும் காட்டுகிறது.

உகரத்தில் முடியும் எல்லாச் சொற்களும் வகரம் பெறும் என்று எண்ணினால் அங்கே சறுக்கும். பசு, ஆ சேர்ந்தால் பசுவா. காசு, ஆ சேர்ந்தால் காசுவா இல்லை, காசா. இரண்டுமே சு-வில்தான் முடிகின்றன. வித்தியாசம் அந்த உகரத்தின் அளவில் இருக்கிறது. தனிக் குறிலை அடுத்து வரும் பசுவின் உகரம் முழு உகரம், ஒரு மாத்திரை. நெடிலை அடுத்து வல்லின மெய்யின் மேல் ஏறி வரும் காசின் உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரை. வாயில் சொல்லிப் பார்த்தால் பசுவில் இதழ் குவியும், காசில் குவியாது. குவியாத இதழிலிருந்து வகரம் எப்படி வரும்? குற்றியலுகரம் வகரத்தைத் தருவதில்லை, தானே விலகி இடம் கொடுத்துவிடுகிறது. உயிர் மோதலைத் தீர்க்கும் மூன்று வழிகளில் இரண்டாவது இது. தமிழ் அதையும் கைவசம் வைத்திருக்கிறது, வலுவில்லாத உயிருக்கு மட்டும்.

முழு உகரமும் சில இடங்களில் விலகும் என்று 164-ஆம் நூற்பா சேர்த்துச் சொல்கிறது. தெருவை, மனுவை, குருவை என்று சொல்கிற நாம் கதவை, உணவை, செலவை என்றுதான் சொல்கிறோம். கதவு, உணவு, செலவு எல்லாம் ஏற்கெனவே வகரத்தில் ஏறிய உகரம் கொண்டவை. உகரத்தை வைத்துக்கொண்டு இன்னொரு வகரத்தையும் போட்டால் உணவுவை என்று வாய் தடுக்கும். உகரம் போனால் அங்கே தயாராக இருக்கும் வகரமே அடுத்த உயிரைத் தாங்கிக்கொள்கிறது.

சுட்டெழுத்துகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இ, இடம் சேர்ந்தால் இகரத்துக்குப் பின் யகரம் வர வேண்டும். ஆனால் வருவது இவ்விடம். நன்னூல் இதற்கு 163-ஆம் நூற்பாவைத் தனியாக ஒதுக்கி, எகர வினாவுக்கும் முச்சுட்டுக்கும் வகரம் என்று விதிக்கிறது. இந்த வகரம் வாயின் வழியில் பிறந்ததாகத் தெரியவில்லை. வகரத்தில் முடியும் சொற்கள் நான்குதான் என்று தொல்காப்பியம் கூறும். அவற்றில் மூன்று அவ், இவ், உவ் என்ற சுட்டுப் பெயர்கள். அவ்விடம், இவ்விடம் ஆகியவற்றின் வகரம் சுட்டோடு பழைய காலத்திலிருந்தே ஒட்டிவந்தது என்று கருத இது இடம் தருகிறது. அதே நூற்பா செய்யுளில் சுட்டு நீண்டால் யகரமும் வரும் என்கிறது. ஆயிடை என்பது அப்படி வந்தது. ஆகாரம் எந்தப் பக்கமும் சாயக்கூடியது என்பதற்குப் பழந்தமிழே தரும் சான்று இது.

எழுத்தில் உடம்படுமெய் வெளியே தெரியாமல் நிற்பதால் சில தொல்லைகளும் உண்டு. மாவிலை என்று சேர்த்து எழுதினால் அது தோரணம் கட்டும் மாமரத்து இலையாகவும் இருக்கலாம், கடையில் விற்கும் மாவின் விலையாகவும் இருக்கலாம். பூவிலையும் அப்படியே. முதலாவதில் வகரம் இடையில் வந்தது, இரண்டாவதில் சொல்லுக்கே உரியது. காது இரண்டையும் ஒரே மாதிரி கேட்கிறது, சூழல்தான் பிரித்துக் காட்டும். கணினியில் இல்லை என்ற சொல்லைத் தேடினால் மழையில்லை, பசுவில்லை ஆகியவை அகப்படாது. இ என்ற எழுத்து அங்கே இல்லை, யி-யும் வி-யும்தான் இருக்கின்றன. தமிழ் உரையில் தேடுபவர் மூன்று வடிவங்களையும் தனித்தனியாகத் தேட வேண்டியிருக்கிறது.

அச்சகங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் ஓயாமல் வரும் சண்டை கோயிலா, கோவிலா என்பது. கோ, இல் என்ற இரண்டின் சேர்க்கை இது. ஓகாரத்துக்கு இதழ் குவிகிறது, ஆகவே வாயின் வழியும் 162-ஆம் நூற்பாவின் வழியும் கோவில்தான். ஆனால் வழக்கு வேறு சொல்கிறது. உமாபதி சிவாசாரியார் தில்லையைப் பற்றி எழுதியது கோயிற் புராணம். திருவரங்கத்தின் வரலாற்றைச் சொல்வது கோயிலொழுகு. விதிக்கு வெளியே நிற்கும் இந்த யகரம் சைவர், வைணவர் இருவரிடமும் நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. விதியைக் காட்டிக் கோயிலை அடிப்பவரும், பழமையைக் காட்டிக் கோவிலை அடிப்பவரும் வீணாக மையைச் செலவழிக்கிறார்கள். இரண்டும் சரி. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலந்து எழுதாமல் இருந்தால் போதும்.